பாதி கரைந்து மறுபடியும் உறைந்த காய்கறி: வைப்பதா, வீசுவதா?

காலை 6.40 மணி. செய்தி முடிந்து அடுத்த பாடல் தொடங்கும் நேரம். எங்கள் வானொலி நிலையத்தின் புலன எண்ணுக்கு, கிள்ளானிலிருந்து ஓர் அம்மாவின் குரல் பதிவு வந்து விழுந்தது.

“தம்பி, ஒரு சந்தேகம். ராத்திரி பத்து மணி போல பேரன் ஐஸ்கிரீம் எடுத்துட்டு ஃப்ரீசர் கதவ சரியா சாத்தாம விட்டுட்டான். இப்பதான் பாக்குறேன், தரையெல்லாம் தண்ணி. உள்ள மூணு பை காய்கறி இருக்கு. கொஞ்சம் கரைஞ்சிருக்கு, கொஞ்சம் கட்டியாவே இருக்கு. கதவ சாத்திட்டா மறுபடியும் உறைஞ்சிடும். சமைக்கலாமா, இல்ல தூக்கிப் போட்டுடணுமா? மருமக ஏழு மாசமா இருக்கா, அதான் பயமா இருக்கு.”

இதை ஒலிபரப்பிவிட்டு நேயர்களிடம் கருத்துக் கேட்டோம். ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. பாதிப் பேர், “பையிலேயே மறுபடியும் உறைய வைக்காதீர்கள் என்று போட்டிருக்கிறதே, உடனே வீசுங்கள்” என்றார்கள். மீதிப் பேர், “காய்கறிதானே, மீனா கோழியா? ஒன்றும் ஆகாது” என்றார்கள். இரண்டுமே உறுதியான குரலில் சொல்லப்பட்டவை. இரண்டிலும் ஒரு கேள்வி விடுபட்டிருந்தது: அந்தப் பை இரவில் எவ்வளவு சூடானது, எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்தது?

என் கல்லூரிக் காலத் தோழி ஒருவர் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். சில ஆண்டுகள் உறைந்த உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரை அழைத்தேன். முழுக் கதையைக் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னது: “முதல்ல அந்தம்மாவ மூணு பையையும் கீழே ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லு. ஃப்ரீசருக்குள்ள திரும்பப் போட வேணாம். உறைஞ்சு போச்சுன்னா அப்புறம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.”

பை மறுபடியும் கல்லாக உறைந்துவிட்டால், இரவு முழுக்க அது எந்த நிலையில் கிடந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்தே உறைந்துவிடுகிறது. பாதி கரைந்த நிலையில் இருக்கும்போதுதான் அதைப் பார்த்து முடிவெடுக்க முடியும்.

குளிர் கொல்வதில்லை

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவனுக்கு எளிதாகப் புரிகிற உதாரணம் ஒன்று உண்டு. ஃப்ரீசர் என்பது நிறுத்திவைக்கும் பொத்தான். அழிக்கும் பொத்தான் அல்ல. மைனஸ் 18 பாகையில் கிருமிகள் பெருகாது. ஆனால் சாகவும் மாட்டா. சில சாகலாம், பெரும்பாலானவை தூங்கும். கரையும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சரி, தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரித்து மூடிய பையில் கிருமி எப்படி வந்தது என்று கேட்கலாம். பட்டாணியையும் சோளத்தையும் உறைய வைப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் கொதிநீரிலோ நீராவியிலோ காட்டி எடுக்கிறார்கள். காயின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளை அடக்குவதுதான் அதன் முக்கிய வேலை. கிருமிகளும் நிறையக் குறைகின்றன, முற்றாக ஒழிவதில்லை. அதன்பின் காயைக் குளிர்ந்த நீரில் ஆற்றி, ஈரமான பட்டைகளில் ஓடவிட்டு, கடுங்குளிர்க் காற்றில் சில நிமிடங்களில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக உறைய வைத்து, எடைபோட்டு அடைக்கிறார்கள். இந்தக் குளிர்ந்த, ஈரமான பகுதிதான் தொழிற்சாலையின் பலவீனமான இடம். சூடு பட்டு வந்த காயில் இங்கே புதிதாகக் கிருமி ஒட்டலாம். டின் பட்டாணி அடைத்த பிறகு கொல்சூட்டில் வேகிறது. உறைந்த பட்டாணிக்கு அந்தக் கட்டமே கிடையாது. நாம் அடுப்பில் வைப்பதுதான் அதன் கடைசிக் கட்டம்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. ஒரு கிராம் காயில் பத்துக் கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவ்வளவு குறைவாக இருந்தால் நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அந்தப் பை முழுக்கக் கரைந்து நம் ஊர் அறைச்சூட்டுக்கு வந்துவிட்டது, அரை மணிக்கு ஒருமுறை அவை இரட்டிக்கின்றன என்று வைத்தால், ஆறு மணி நேரத்தில் பத்து என்பது நாற்பதாயிரமாகிவிடும். அதே ஆறு மணி நேரம் பனிக்கட்டியோடு பூஜ்யம் பாகையை ஒட்டி இருந்திருந்தால் பத்து ஏறக்குறையப் பத்தாகவே இருக்கும்.

இனி இரண்டு பைகளையும் ஃப்ரீசரில் போடுங்கள். மறுநாள் இரண்டும் ஒரே மாதிரிக் கல்லாக இருக்கும். ஒன்றில் பத்து, மற்றொன்றில் நாற்பதாயிரம். அடுத்த வாரம் வெளியே எடுக்கும்போது அந்த இரண்டாவது பையின் கணக்கு நாற்பதாயிரத்திலிருந்து தொடங்கும். மறுபடி உறைவதால் புதிதாக எந்த ஆபத்தும் பிறக்கவில்லை. முன்பு நடந்ததை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பனிக்கட்டிதான் வெப்பமானி

ஃப்ரீசர் கதவு எட்டு மணி நேரம் திறந்து கிடந்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் எட்டு மணி நேரம் சூடாகிக் கிடந்தது என்று அர்த்தமில்லை. பனிக்கட்டி உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் பிடிக்கும் என்பது நாம் நினைப்பதைவிட மிக அதிகம். ஒரு கிலோ பனிக்கட்டியைத் தண்ணீராக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 பாகை வரை சூடேற்றிவிடலாம். பட்டாணியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் பையிலுள்ள பனி உருகி முடியும் வரை, உள்ளே வரும் வெப்பத்தை எல்லாம் அந்தப் பனியே விழுங்கிக்கொண்டிருக்கும். பனியை ஒட்டியிருக்கும் காய் பூஜ்யத்தை விட்டு அதிகம் நகராது.

மறுபடி உறைய வைப்பதற்கான விதியே இதிலிருந்துதான் வருகிறது. பையில் பனிப்பளிங்குகள் இன்னும் இருந்தால், அல்லது ஐஸ் பெட்டியில் வைத்த பொருள்போல 4 பாகைக்குக் கீழே சில்லென்று இருந்தால், மறுபடி உறைய வைக்கலாம் என்று அமெரிக்க வேளாண் துறை மின்தடைக் காலத்துக்கான தன் அறிவுரைப் பட்டியலில் சொல்கிறது. சுவையும் பதமும் குறையலாம் என்ற குறிப்போடு.

ஆனால் “பனி இருக்கிறது” என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதை நானே பார்க்க விரும்பினேன். ஒரு சனிக்கிழமை மதியம், அரைக் கிலோ பட்டாணிப் பை ஒன்றைச் சமையலறை மேசையில் வைத்து, இறைச்சிக்குப் பயன்படுத்தும் ஊசி வெப்பமானியைப் பையின் பல இடங்களில் செருகிப் பார்த்தேன். வெளியே 31 பாகை. 45 நிமிடத்தில் பையின் நடுவில் மைனஸ் 1. மணிகள் கல்லாகவே இருந்தன. பையின் மூலையில் இருந்த மணிகளோ 9 பாகைக்கு வந்துவிட்டன. ஒரே பை, ஒரே நேரம். இரண்டு மணி நேரம் தாண்டியபோது நடுவிலும் பனி இல்லை. அதன்பிறகு சூடு சரசரவென்று ஏறியது. ஏறுவதைத் தடுக்கப் பனி இல்லையே.

எனவே நடுவில் ஒரு கட்டி இருந்தால் மட்டும் போதாது. பனி பை முழுவதும் பரவியிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக அசைத்தால், மணிகள் கூழாங்கல்லைப் போலச் சலசலக்கின்றனவா, ஈரத் துணியைப் போலத் தொய்கின்றனவா என்பது தெரியும். மூலைகளை அழுத்திப் பாருங்கள். அங்கேதான் முதலில் கரையும்.

கிள்ளான் வீட்டு மூன்று பைகள்

இனி அந்த அம்மாவின் மூன்று பைகளுக்கு வருவோம். ஏழேகால் மணிக்குத் தோழியும் அந்த அம்மாவும் நானும் ஒரே அழைப்பில் பேசினோம். இது ஒலிபரப்பாகவில்லை.

பட்டாணி, ஃப்ரீசரின் அடித்தட்டில் பின்பக்கம், மீன் பொட்டலங்களுக்கு அடியில் இருந்திருக்கிறது. “குலுக்கிப் பாருங்கம்மா” என்றார் தோழி. சில இடங்களில் நாலைந்து மணிகள் ஒட்டியிருந்தாலும் மற்றவை சலசலத்தன. மேலே வெண்பனி படிந்திருந்தது. பையில் தண்ணீர் இல்லை. கேட்டவுடனேயே தோழி, அதை ஃப்ரீசரில் வைத்துவிடச் சொன்னார். நிறுத்தும் பொத்தானிலிருந்து கை எடுக்கப்படவே இல்லை என்ற கணக்கு.

சோளம், கதவை ஒட்டிய மேல்தட்டில். பை முழுக்கத் தொய்ந்து, அடியில் மஞ்சள் கலந்த தண்ணீர். ஒரு துண்டுப் பனிகூட இல்லை. தொட்டால் குளிராக இருக்கிறது என்றார் அந்த அம்மா. ஆனால் நம் கைக்கு 15 பாகையும் குளிர்தான், 4 பாகையும் குளிர்தான். வெப்பமானி அவர்கள் வீட்டில் இல்லை. இரவு எந்த மணிக்குக் கடைசிப் பனி உருகியது என்று யாராலும் சொல்ல முடியாது, பதினொன்றரைக்கா, ஐந்துக்கா? அந்த அமெரிக்கப் பட்டியலில் காய்கறிக்கு 4 பாகைக்கு மேல் ஆறு மணி நேரம் என்று ஓர் எல்லை கொடுத்திருக்கிறார்கள். இறைச்சிக்கு இரண்டே மணி நேரம். அந்த எல்லைக்குள் இருந்ததா என்று தெரியாத பையை வீசுவதைத் தவிர வேறு வழி இல்லை. “மணக்கவே இல்லயே தம்பி, நல்லாத்தானே இருக்கு?” என்று அந்த அம்மா கேட்டார். புளித்த வாடை வந்தால் கெட்டது உறுதி. வாடை வராவிட்டால் நல்லது என்று உறுதி இல்லை. நோய் தரும் பல கிருமிகள் மணத்தையோ நிறத்தையோ மாற்றுவதில்லை. சோளம் குப்பைக்குப் போனது.

மூன்றாவது, கலவைக் காய்கறி: கேரட், பட்டாணி, பீன்ஸ் நறுக்கிக் கலந்தது. நடுத்தட்டில் இருந்தது. ஓரமெல்லாம் மெத்தென்று, நடுவில் கைமுட்டி அளவுக்கு ஒரு கட்டி. தீர்ப்புச் சொல்லக் கடினமான பை இதுதான். வெப்பமானி இருந்திருந்தால் பையை மடித்து அதன் நடுவே ஊசியை வைத்து, பிறகு மூலையிலும் வைத்துப் பார்த்திருக்கலாம். எல்லா இடமும் 4 பாகைக்குள் என்றால் பட்டாணியைப் போலவே ஃப்ரீசருக்குப் போகலாம். வெப்பமானி இல்லாத வீட்டில், பனி இன்னும் இருப்பதாலும் ஓரங்கள் எங்கேயோ 7, 8 பாகையைத் தொட்டிருக்கலாம் என்பதாலும், தோழி சொன்ன வழி வேறு: மறுபடி உறைய வைக்க வேண்டாம், வீசவும் வேண்டாம், இப்போதே சமையுங்கள்.

அந்த அம்மா அதைக் குருமாவாக வைத்தார். கொதி வந்த பிறகும் சில நிமிடம் கொதிக்கவிட்டு, உள்ளே 75 பாகையைத் தாண்டிய காயில், வளர்ந்திருக்கக்கூடிய கிருமிகள் அழிந்துவிடும். அதன்பிறகு மிஞ்சிய குருமாவைத் தாராளமாக உறைய வைக்கலாம். இரண்டு உறைதலுக்கும் நடுவே ஒரு கொதி வந்துவிட்டதால் கணக்கு ஏறக்குறையப் புதிதாகத் தொடங்குகிறது. ஒரே நிபந்தனை, சட்டியோடு மதியம் வரை அடுப்பின் மேல் ஆறவிடக் கூடாது. தட்டையான டப்பாக்களில் மெல்லியதாக ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும்.

“அப்படின்னா சோளத்தையும் கொதிக்க வச்சிருக்கலாமே?” என்று நான் கேட்டேன். சிக்கனம் எனக்கும் உண்டு. கொதிக்கும் சூட்டையும் தாங்கும் வித்துகள் சில கிருமிகளுக்கு உண்டு. தொழிற்சாலையில் காட்டும் கொதிநீரில் அவை பிழைத்துக்கொள்கின்றன. மணிக்கணக்காகச் சூடாகிக் கிடந்த காயில் அவை முளைத்துப் பெருகி, நஞ்சைக் கக்கி வைத்திருக்கலாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வாந்தி நஞ்சு கொதித்தாலும் போகாது. பழைய சோற்றை மறுபடி வறுக்கும்போது வயிற்றைப் புரட்டுவதும் இதே ஆசாமிதான். கிருமியைக் கொல்லலாம், அது விட்டுப்போன நஞ்சைக் கொதிக்க வைத்து எடுக்க முடியாது.

அந்த ஆறு மணி நேர எல்லையைப் பற்றி என் சொந்தக் கருத்து ஒன்று. வெப்பமானி வைத்திருப்பவருக்கும் மணி பார்த்தவருக்கும்தான் அது பயன்படும். மதியம் 33 பாகை அடிக்கும் சமையலறையில், எப்போது கரைந்தது என்று தெரியாமல், ஆறு மணி நேரத்தை ஊகித்துக் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பனி தீர்ந்துபோய், ஐஸ் பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால் என் வீட்டில் அது குப்பைதான். ஒரு பை சில ரிங்கிட்தான்.

ஐரோப்பாவில் சோளம் சொன்ன பாடம்

மருமகள் ஏழு மாதம் என்று அந்த அம்மா சொன்னதுதான் தோழியின் குரலை மாற்றியது. காரணம், லிஸ்டீரியா மோனோசைட்டோஜெனெஸ் என்ற கிருமி. மற்ற பல கிருமிகள் ஐஸ் பெட்டியின் குளிரில் முடங்கிவிடும். இது அங்கேயும் மெதுவாக வளரும்.

2015 முதல் 2018 ஜூன் வரை ஆஸ்திரியா, டென்மார்க், பின்லாந்து, சுவீடன், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 47 பேருக்கு ஒரே வகை லிஸ்டீரியா தொற்றியது. 9 பேர் இறந்தார்கள். கிருமிகளின் மரபணு வரிசையை ஒப்பிட்டுத் தேடிக்கொண்டே போனபோது, சந்தேகம் முதலில் உறைந்த சோளத்தின்மேல் விழுந்தது. பிறகு அதே கிருமி ஹங்கேரியில் உள்ள ஒரே ஆலையில் தயாரான மற்ற உறைந்த காய்கறிகளிலும் இருப்பது தெரிந்தது. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகளின் தயாரிப்பிலும் அது இருந்தது. ஆலையைக் கழுவி, மருந்தடித்து, மறுபடி ஓட்டிய பிறகும் அது அங்கேயே குடியிருந்திருக்கிறது. 2016 ஆகஸ்டு முதல் 2018 ஜூன் வரை அந்த ஆலை தயாரித்த உறைந்த காய்கறிகள் அனைத்தையும் திரும்பப் பெற ஹங்கேரி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் முக்கியமானது, கிருமி ஆலையிலிருந்தே பையில் வந்தது என்பதுதான். அதாவது, ஒருமுறைகூடக் கரையாத, பார்க்க அப்பழுக்கற்ற பையிலும் சிறிதளவு இருக்கலாம். அந்தச் சிறிதளவைப் பெரிதளவாக்குவது கரைந்து கிடக்கும் நேரம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்போது சொன்ன அறிவுரையும் இதுதான்: சமைக்காமல் சாப்பிடும் தயாரிப்பு என்று பையில் போட்டிருந்தாலொழிய, உறைந்த காய்கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

நம் வீடுகளில் உறைந்த காய் பெரும்பாலும் சட்டிக்குள்தான் போகிறது. அந்த வகையில் நாம் பாதுகாப்பானவர்கள். ஆனால் வேறு பழக்கங்கள் மெல்ல நுழைந்திருக்கின்றன. பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துக்கு, உறைந்த சோளத்தைக் கரையவிட்டு அப்படியே மயோனைஸில் பிரட்டி சாலட். காலையில் அவசரமாக வேலைக்குக் கிளம்புபவர்கள் உறைந்த கீரையைப் பழத்தோடு அரைத்துக் குடிப்பது. இதில் கொதியே இல்லை. பாதி கரைந்து மறுபடி உறைந்த பை இந்தப் பயன்பாட்டுக்குப் போனால், ஆபத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இல்லை. சாலட்டுக்கு வேண்டுமானால் சோளத்தை ஒரு கொதி கொதிக்கவைத்து, வடித்து, ஆற்றிக்கொள்ளுங்கள். மூன்று நிமிட வேலை.

நல்ல உடல்நிலையில் உள்ளவரை லிஸ்டீரியா பெரிதாகப் பாதிக்காமல் போகலாம். கர்ப்பிணித் தாய்க்கும் லேசான காய்ச்சலும் உடல்வலியுமாக வந்து போய்விடலாம். ஆனால் வயிற்றிலுள்ள குழந்தை கலைந்துபோகவும் இறந்து பிறக்கவும் அது காரணமாகலாம். சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட நோய் தலைகாட்டலாம் என்பதால், எந்தச் சாப்பாட்டால் வந்தது என்று நினைவுகூரவும் முடியாது. முதியவர்கள், பச்சிளங்குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை. இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த மூன்றாவது பை போன்ற இரண்டுங்கெட்டான் பைகளில் தயக்கமே வேண்டாம் என்பது தோழியின் முடிவு. அதனால்தான் கிள்ளான் குருமாவை வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மருமகளுக்கு அன்று கடையிலிருந்து புதுக் கத்தரிக்காய் வந்தது.

அப்படியானால், பையின் பின்னால் “மறுபடியும் உறைய வைக்காதீர்கள்” என்று ஏன் பொதுவாக அச்சிடுகிறார்கள்? தயாரிப்பாளர் நம் வீட்டு மேசையைப் பார்க்க முடியாது. எந்தப் பை பத்து நிமிடம் கரைந்தது, எது இரவு முழுக்கக் கரைந்தது என்று அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் அந்த வரிதான் பத்திரமானது. இன்னொரு காரணம், பதம். ஆலையில் சில நிமிடங்களில் உறைந்த காயில் பனிப்பளிங்குகள் நுண்ணியவை. கரைந்த அரைக் கிலோ பையை நம் வீட்டு ஃப்ரீசர் மறுபடி உறையவைக்க நான்கைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மெதுவாக உறையும்போது பளிங்குகள் பெரிதாக வளர்ந்து காயின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். அடுத்த முறை பீன்ஸ் தொளதொளவென்று தண்ணீர் விடும். நாசி கோரேங்குக்கு அது ஆகவே ஆகாது, சோறு குழைந்துவிடும். சாம்பாருக்கோ சூப்புக்கோ போட்டால் குறை தெரியாது. பட்டாணி போன்ற பையை ஃப்ரீசரில் திரும்ப வைக்கும்போது தட்டையாகப் பரப்பி, அடித்தளத்தை ஒட்டி வையுங்கள்; சீக்கிரம் உறையும். அப்படியே ஒரு மார்க்கர் பேனாவால் பையில் தேதியைப் போட்டு “ஒருமுறை கரைந்தது” என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது முறை கரைந்தால் யோசிக்காமல் சமைக்கவோ வீசவோ அது உதவும்.

நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கரைந்து உறைந்த பைகளும் உண்டு. இதைப் பேரங்காடியிலேயே கண்டுபிடிக்கலாம். தனித்தனியாக உறையவைத்த பட்டாணி பைக்குள் தனித்தனியாகத்தான் ஓட வேண்டும். சிறு கட்டிகள் கைபட்டவுடன் உதிர்ந்தால் பரவாயில்லை. செங்கல்லைப் போல ஒரே பாளமாக இருந்தால் எங்கேயோ கரைந்திருக்கிறது: லாரியிலா, கடையின் பின்வாசலிலா, யாரோ எடுத்து மனம் மாறி பிஸ்கட் அடுக்கில் வைத்துவிட்டுப் போய், ஊழியர் திரும்ப எடுத்துப் போட்டதா, தெரியாது. பைக்குள் தூவிய மாவு போன்ற வெண்பனி மட்டும் இருந்தால் அது வேறு. நாட்பட்டதற்கும் குளிர் ஏறி இறங்கியதற்கும் அடையாளம், கரைந்ததற்குச் சான்று அல்ல. பையின் ஒரு மூலையில் கண்ணாடித் தகடு போலப் பனி, அதுவும் காயின் நிறம் ஏறிய பனி இருந்தால்தான் உஷாராக வேண்டும். உருகிய நீர் வழிந்து அந்த மூலையில் தேங்கி உறைந்திருக்கிறது. அந்தப் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள். முடிந்தால் ஊழியரிடமும் காட்டுங்கள்.

வாங்கும்போது ஃப்ரீசர் பகுதிக்குக் கடைசியாகப் போவது, பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவது, வெப்பம் புகாத பையில் போடுவது எல்லாம் உதவும். ஒட்டி அடுக்கினால் ஒன்றின் பனி மற்றொன்றைக் காக்கும். ஆனால் வெயிலில் நிறுத்திய காடியின் பின்பெட்டியில் காய்கறியை விட்டுவிட்டு ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தால், எந்தப் பையாலும் காப்பாற்ற முடியாது.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஊருக்குப் போகிறவர்களுக்கு வேறு கவலை. இடையில் மின்சாரம் போய் வந்திருந்தால் எப்படித் தெரியும்? நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காவிட்டால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஒரு சிறு குவளையில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு இருபது சென் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் பனி உருகவில்லை. காசு பாதியில் புதைந்திருந்தால் பாதி உருகி உறைந்திருக்கிறது. பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாளமா, மூலையில் தகடா என்று பார்க்க வேண்டும். காசு அடியில் கிடந்தால், எல்லாம் தண்ணீராகி மறுபடி உறைந்திருக்கிறது. எவ்வளவு நேரம் தண்ணீராக இருந்தது என்று காசு சொல்லாது. அந்தப் பைகள் எவ்வளவு கல்லாக இருந்தாலும் குப்பைத் தொட்டியைத் திறந்துவிடுங்கள்.